சாவியைப் பிடித்து வைத்தால் அட்வான்ஸ் திரும்புமா?

கேள்வி: கோவையில் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் பேக்கரி நடத்துகிறேன். மூன்று ஆண்டு ஒப்பந்தம் வரும் மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. வாடகை மாதம் 45,000 ரூபாய், அட்வான்ஸ் 4,50,000 ரூபாய். காலி செய்வதானால் இரண்டு மாதத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. டிசம்பரிலேயே நேரில் சொல்லிவிட்டேன். மூன்று வருடமாகச் சுவரில் ஈரம் இறங்குவதை அவர் சரிசெய்யவே இல்லை. என் கைப்பணம் ஆறு லட்சத்தில் கடையை அழகுபடுத்தினேன். இப்போது, "புது ஆள் வந்ததும் தருகிறேன், பெயின்ட்டுக்கும் டைல்ஸுக்கும் 1,20,000 பிடிப்பேன்" என்கிறார். பணம் கைக்கு வரும்வரை சாவியைத் தராமல் இருக்கலாமா?

பதில்: கூடாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேலை உள்ள கேள்வி இது ஒன்றுதான். ஈரச் சுவரைப் பற்றிப் பேச வேண்டிய காலம் மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டது. அலங்காரச் செலவைத் தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாவிட்டால் அதையும் மறந்துவிடுங்கள்.

முதலில் நோட்டீஸ். காலம் குறிப்பிட்ட குத்தகை அந்தக் காலம் முடிந்ததும் தானே முடிந்துவிடும். சட்டப்படி தனி அறிவிப்பு தேவையில்லை. ஆனால் உங்கள் ஒப்பந்தம் கேட்கிறது. வாயால் சொன்னது எழுத்தாகாது. ஜனவரி 31-க்குள் கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும். அன்று தபாலில் போட்டால் போதாது. தவறினால் இரண்டு மாத வாடகை 90,000 ரூபாயை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம். மார்ச் 31 அன்று காலை இத்தனை மணிக்குக் காலியான நிலையில் சுவாதீனம் ஒப்படைக்கிறேன், அதற்கு ஒரு வாரம் முன்பு இருவருமாகக் கடையைப் பார்வையிடலாம், பிடித்தம் எதுவும் இருந்தால் கணக்கோடு எழுத்தில் தாருங்கள், மீதியை இந்த வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். இவ்வளவு போதும்.

இனி சாவி. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, காலியான சுவாதீனத்தை உரிமையாளர் பெற்ற நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்ப வேண்டும். அந்த ஒரு மாதம் எண்ணத் தொடங்குவதே நீங்கள் சாவி கொடுக்கும் நாளில்தான். சாவி உங்களிடம் இருக்கும்வரை அவருக்குக் கெடுவே தொடங்காது. புது ஆள் வந்தாரா இல்லையா என்பது அவர் கவலை. சட்டத்தில் அதற்கு இடமில்லை.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. ஒப்பந்தப்படி வாடகைக்காலம் முடிந்த பிறகும் காலி செய்யாதவரிடம், இடத்தைப் பயன்படுத்தியதற்கு மாத வாடகையைப் போல் இரண்டு மடங்கு உரிமையாளர் கேட்கலாம். உங்களுக்கு அது மாதம் 90,000 ரூபாய். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் சாவியை வைத்திருங்கள். 4,50,000 ரூபாய், அதாவது முழு அட்வான்ஸும் அவர் கணக்கில் தீர்ந்துவிடும். கடையைப் பூட்டிவிட்டேன், வியாபாரமே நடக்கவில்லை என்ற வாதம் நிற்காது. பூட்டு யாருடையது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். என் கட்சிக்காரர்களில் அதிகம் பேர் பணத்தைத் தொலைத்தது இந்த இடத்தில்தான். உரிமையாளரை நெருக்குவதாக நினைத்துக்கொண்டு அவருக்கே மாதாமாதம் வரவு சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஒரு விலக்கு உண்டு. 'சுவாதீனம் ஒப்படைக்கும் அதே வேளையில் முன்பணம் திருப்பப்படும்' என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், பணம் தராதவர் வாடகையும் கேட்க முடியாது என்று வாதாடலாம். அதற்கும், சாவியோடு நீங்கள் தயாராக நின்றதற்கு எழுத்துச் சான்று வேண்டும். பத்திரத்தை எடுத்து அந்த ஷரத்தை இன்றே படித்துப் பாருங்கள்.

காலி என்றால் முழுக்கக் காலி. ஒரு கட்சிக்காரர் பழுதான குளிர்பதனப் பெட்டியையும் ஓர் இரும்பு அலமாரியையும் "அப்புறம் எடுத்துக்கொள்கிறேன்" என்று விட்டு வந்தார். கடை இன்னும் அவர் கிடங்காகத்தான் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வாடகை கேட்டது. நீங்கள் பொருத்திய கண்ணாடித் தடுப்பு, ஏ.சி., பெயர்ப்பலகை எல்லாவற்றையும், ஒப்பந்தம் தடுக்காவிட்டால், சுவாதீனம் உங்களிடம் இருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். சாவி கைமாறிய பிறகு சொத்துரிமை மாற்றுச் சட்டம் அந்த உரிமையைத் தருவதில்லை. கழற்றிய இடத்தின் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்.

சாவியை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடமோ அவருடைய எழுத்து அதிகாரம் பெற்றவரிடமோ மட்டும் கொடுங்கள். காவலாளியிடமும் மைத்துனரிடமும் கொடுத்தது கணக்கில் வராது. "கடையைக் காலியான நிலையில், இத்தனை சாவிகளுடன் பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மின்மீட்டர் அளவையும் அதில் குறியுங்கள். அவர் வாங்க மறுத்தால், அன்றே ஷட்டரிலிருந்து உள்சுவர் வரை வீடியோ எடுத்து, மறுத்த விவரத்தைக் கடிதமாக எழுதிச் சாவியையும் சேர்த்துத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் ஒப்படைக்க முன்வந்த நாளுக்கு அதுவே சாட்சி. பிப்ரவரி, மார்ச் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள்; சம்மதித்தால் அதைவிட நல்ல வழி வேறில்லை.

பிடித்தம் பற்றி நேராகவே சொல்கிறேன். மூன்று வருடப் புழக்கத்தில் மங்கிய பெயின்ட்டுக்கு நீங்கள் பொறுப்பல்ல. அடுப்புப் புகை ஏறிய சுவருக்கும் அடுப்பை நிறுத்தத் துளைத்த டைல்ஸுக்கும் பொறுப்பு. ஒரு மேஸ்திரியிடம் மதிப்பீடு வாங்கிக்கொண்டு பேசுங்கள். 60,000 ரூபாயில் முடிந்தால் முடித்துவிட்டு 3,90,000 ரூபாயை வாங்கிக்கொண்டு போங்கள். முழுத் தொகைக்கு வழக்குப் போட்டால், வணிகக் கட்டடம், மூன்று லட்சத்துக்கு மேல் என்பதால் வணிக நீதிமன்றப் பேச்சு வரும். அங்கே அவசர நிவாரணம் கேட்காத வழக்குக்கு முன்னால் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். எப்படியும் சமரச மேசையில்தான் உட்காரப் போகிறீர்கள். என் கட்டணம் இல்லாமல் இப்போதே உட்காருங்கள்.

கையில் பணம் இல்லை என்று அவர் சொன்னால் பின்தேதியிட்ட காசோலையாவது வாங்குங்கள். அது பணமில்லாமல் திரும்பினால், அதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு இருக்கிறது. வாய்ச்சொல்லுக்கு அது இல்லை. காசோலை பணமாகும் முன் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

கடை மாறியதும் 15 நாளுக்குள் ஜி.எஸ்.டி. பதிவில் முகவரியை மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். பழைய முகவரி அப்படியே இருந்தால், கடை இன்னும் உங்கள் வசம்தான் என்று காட்ட எதிர்த்தரப்பு முதலில் எடுப்பது அந்தத் தாளைத்தான்.