700 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ்: வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கிளையன்ட்களின் கணக்கு, ஸ்கேன் செய்த பில்கள் எல்லாவற்றையும் தினமும் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. கடைக்காரர் 2 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கச் சொல்கிறார். ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவே 700 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: ரெண்டும் வேண்டாம். முதலில் உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கணக்கு ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து Properties போனால் அளவு தெரியும். கணக்கும் பில்லும் வீடியோ மாதிரி இடம் பிடிக்காது. 40 ஜிபி இருக்கிறது, வருஷத்துக்கு 10 ஜிபி கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருஷம் கழித்தும் 90 ஜிபிதான். 128 ஜிபியே போதும். 2 டிபி என்பது அதைப்போல 15 மடங்குக்கு மேல்.

அந்த 700 ரூபாய் பென்டிரைவ் விஷயம் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியது. அதற்குள் இருப்பது பெரும்பாலும் 16 அல்லது 32 ஜிபி சிப்தான். கம்ப்யூட்டர் கேட்டால் "2 டிபி" என்று பொய் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை மாற்றி வைத்திருப்பார்கள். முதல் 32 ஜிபி ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் போடுவது எங்கேயும் பதியாது, அல்லது பழையதன் மேலேயே எழுதப்படும். காப்பி முடிந்ததாகத்தான் திரை காட்டும். ஃபைலின் பெயர், அளவு, தேதி எல்லாம் சரியாகத் தெரியும். திறந்தால்தான் குட்டு வெளிப்படும். என் நண்பர் ஒருவர் இப்படி ஒன்றை வாங்கி மூன்று மாதம் சந்தோஷமாகப் பயன்படுத்தினார். சின்ன ஃபைல்களாகப் போட்டதால் 32 ஜிபியைத் தாண்டும்வரை எதுவும் தெரியவில்லை. தாண்டிய பிறகு போட்ட பிடிஎஃப் ஒன்றுகூடத் திறக்கவில்லை. திருப்பிக் கொடுக்கும் கெடுவும் அதற்குள் போய்விட்டது.

அதனால் எதை வாங்கினாலும், காலியாக இருக்கும்போதே H2testw என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 128 ஜிபி பென்டிரைவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் Test finished without errors என்று இருந்தால் சரி. The media is likely to be defective என்று வந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். அப்புறம், 128 ஜிபி பென்டிரைவ் விண்டோஸில் சுமார் 119 என்றுதான் காட்டும். கம்பெனியும் விண்டோஸும் ஜிபியைக் கணக்கிடும் முறை வேறு, அது ஏமாற்று இல்லை.

சரி, எந்த வகை? ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டு சுற்றுகிறது. அணைந்த நிலையில் பையில் வருவதில் பெரிய ஆபத்து இல்லை. சுற்றிக்கொண்டிருக்கும்போது கேபிளில் கால் தட்டி மேஜையிலிருந்து விழுந்தால் போச்சு. தினமும் இரண்டு இடத்தில் செருகி எடுக்கிறவருக்கு அது சரிவராது.

பென்டிரைவ் விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், ஆனால் எழுதும் வேகம் மோசம். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும்போது நொடிக்கு 10 எம்பிக்கு இறங்கினால் உங்கள் 40 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணக்கு ஃபோல்டரில் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் இருந்தால் இன்னும் இழுக்கும். ஒரே ஜிப் ஆக்கி அனுப்பினால் நேரம் குறையும். ஆனால் பழைய FAT32 முறையில் ஃபார்மேட் ஆன டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது, காலியாக இருக்கும்போதே exFAT-க்கு மாற்றிவிடுங்கள்.

நான் வாங்கினால் 500 ஜிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டிதான். அவ்வளவு இடம் தேவையில்லை, ஆனால் வேகமும் உறுதியும் அதில்தான் இருக்கிறது. சுற்றும் பாகம் கிடையாது, சட்டைப் பையில் போகும். பட்ஜெட் இடிக்கிறது என்றால், தெரிந்த பிராண்டின் 128 ஜிபி பென்டிரைவை பில் போடும் கடையில் வாங்குங்கள்.

கிளையன்ட்களின் பான், வங்கி விவரம் எல்லாம் அதில் இருக்கும். பஸ்ஸில் தொலைந்தால் எடுத்தவர் செருகியதும் படித்துவிடுவார். விண்டோஸ் Pro என்றால் அதிலேயே இருக்கும் BitLocker என்ற பூட்டைப் போடுங்கள். Home பதிப்பில் அதைப் புதிதாகப் போட முடியாது, ஆனால் அலுவலக Pro கம்ப்யூட்டரில் பூட்டியதை வீட்டு Home கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு கொடுத்துத் திறக்கலாம். பூட்டும்போது தரும் 48 இலக்க மீட்பு எண்ணை அதே டிரைவில் வைத்துவிடாதீர்கள், அச்சடித்து அலுவலக ஃபைலில் போடுங்கள்.

எடுத்துப்போவது எப்போதும் நகலாகவே இருக்கட்டும், மூலம் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். வாரண்டியில் புது டிரைவ் தருவார்கள், உள்ளே இருந்த கணக்கைத் தரமாட்டார்கள். கடைக்காரர் சொன்ன ஹார்டு டிஸ்க்குக்கும் இங்கே வேலை உண்டு: 1 டிபி போதும், அலுவலக அலமாரியில் வைத்து சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.