7 வருடம் 8 மாதம் வேலை பார்த்துவிட்டு ராஜினாமா: கிராஜுவிட்டி, லீவு பணம் எவ்வளவு?

“7 வருடம் 8 மாதம் ஆகிறது. பேசிக் 31,200, மொத்தச் சம்பளம் 60,000. 20 நாள் ஈ.எல். பாக்கி. ராஜினாமா செய்தால் கையில் எவ்வளவு வரும்?”

கிராஜுவிட்டி 1,44,000 ரூபாய். கடைசி மாத பேசிக்கை (டி.ஏ. இருந்தால் அதையும் சேர்த்து) 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 1,200. வருடத்துக்கு 15 நாள் கணக்கில் 18,000. ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் ராஜினாமா செய்தாலும் உரிமை உண்டு. கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் போனதால் அது முழு வருடம்; ஆக 8 வருடம்.

தப்பு நடப்பதும் இங்கேதான். நான் பார்த்த ஒரு செட்டில்மெண்ட் தாளில் 30-ஆல் வகுத்து, மிச்ச மாதங்களையும் விட்டிருந்தார்கள். உங்கள் கணக்கில் அப்படிச் செய்தால் 15,600 × 7 = 1,09,200 தான் வரும். 34,800 ரூபாய் காணாமல் போகும்!

பேசிக்கும் டி.ஏ.வும் மொத்தத்தில் பாதிக்குக் கீழே இருந்தால், 2025 நவம்பரில் வந்த புதிய சட்டத்தொகுப்பின்படி குறைவதைச் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். உங்களுக்குப் பாதிக்கு மேலேயே இருக்கிறது, அந்தச் சிக்கல் இல்லை.

சரி, லீவு பணம். இதில் வகுக்கும் எண் பெரும்பாலும் கம்பெனி விதியைப் பொறுத்தது. 30 என்றால் 20 நாளுக்கு 20,800. 26 என்றால் 24,000. கேஷுவல் லீவுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. பேஸ்லிப்பில் உள்ள ஈ.எல். இருப்பை, கடைசி நாளுக்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் லாகின் போய்விடும்.

கிராஜுவிட்டி 30 நாளுக்குள் வர வேண்டும். தாமதமானால் வட்டி கேட்கலாம்.