நாக் தரமதிப்பீட்டுக்கு எங்கள் கல்லூரி அனுப்பும் சுய அறிக்கையான எஸ்எஸ்ஆரில், மாணவர் ஆதரவும் முன்னேற்றமும் பற்றிய ஐந்தாம் கிரைட்டீரியா என் பொறுப்பு. ஆதார அட்டவணைகளை எப்படித் தயாரித்தால் தரவுச் சரிபார்ப்பான டிவிவியில் எண் குறையாமல் நிற்கும்?

முதலில் இறுதியாண்டு மாணவர் பட்டியலைக் கையில் எடுங்கள். பிளேஸ்மென்ட் செல் தரும் எண்ணை அதற்குப் பிறகு பார்க்கலாம். எங்கள் கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசியில் இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஐந்தாம் கிரைட்டீரியாவில் டிவிவியின் கை அதிகம் படுவது, வேலைக்குப் போனவர்களையும் உயர்கல்விக்குப் போனவர்களையும் கேட்கும் மெட்ரிக்கில்தான். அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தால் உதவித்தொகை அட்டவணையும் போட்டித்தேர்வு அட்டவணையும் அதே வழியில் வந்துவிடும்.

2017-இல் நாக் கொண்டுவந்த திருத்திய முறைக்குப் பிறகு மதிப்பெண்ணில் பெரும்பகுதி எண் கேட்கும் மெட்ரிக்குகளில் இருக்கிறது. நாக்கின் மதிப்பீட்டுக் குழுவான பியர் டீம் பார்ப்பது பெரும்பாலும் விவரித்து எழுதும் மெட்ரிக்குகளை. எண்களைச் சரிபார்ப்பவர்கள் உங்கள் கல்லூரியை நேரில் பார்க்க மாட்டார்கள், உங்களோடு பேசவும் மாட்டார்கள். அவர்களுக்கு முன்னால் இருப்பது போர்ட்டலில் நீங்கள் போட்ட எண், டெம்ப்ளேட் எக்செல், ஆதாரத்துக்கான லிங்க், இவை மட்டும்தான். அதனால் எண்ணிலிருந்து எக்செல் வரிக்கும், வரியிலிருந்து அந்த மாணவரின் கடிதத்துக்கும் யார் துணையும் இல்லாமல் அவர்கள் போய்ச் சேர முடிய வேண்டும்.

ஒரு ஆண்டை எடுத்துக்கொண்டு கணக்காகப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். இறுதியாண்டு மாணவர்கள் 180 பேர். பிளேஸ்மென்ட் செல் 96 பேருக்கு வேலை கிடைத்தது என்கிறது. துறைத்தலைவர்கள் கொடுத்த உயர்கல்விப் பட்டியலில் 40 பெயர்கள். இரண்டையும் கூட்டினால் 136, அதாவது 75.56 சதவீதம். இந்த எண்ணை அப்படியே போட்டால் டிவிவியில் நிற்காது.

இரண்டு பட்டியலையும் ஒரே எக்செல்லுக்குக் கொண்டுவந்து பதிவெண் வாரியாக வரிசைப்படுத்துங்கள். பெயரை வைத்து வரிசைப்படுத்த வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு மாணவிகள் இருப்பார்கள். ஒருவரின் இனிஷியல் ஒரு பட்டியலில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கும். பதிவெண் ஒன்றுதான் ஏமாற்றாது. வரிசைப்படுத்தியதும் தெரியும்: 96 என்பது ஆட்களின் எண்ணிக்கை இல்லை, வந்த ஆஃபர்களின் எண்ணிக்கை. சிலருக்கு இரண்டு நிறுவனங்களில் கிடைத்திருக்கிறது. ஆட்கள் 81 பேர்தான். உயர்கல்விப் பட்டியலின் 40 பேரில் 7 பேர் வேலைப் பட்டியலிலும் இருக்கிறார்கள். ஒரு மாணவரை ஒரு முறைதான் எண்ணலாம் என்பதால் அங்கே மிஞ்சுவது 33. ஆக மொத்தம் 114.

அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் எதிரே கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். இதுதான் நாள்கணக்கில் இழுக்கும் வேலை. வேலைக்குப் போனவருக்குப் பணி நியமன ஆணை வேண்டும். 'நேர்முகத் தேர்வில் தேர்வானவர்கள்' என்று நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல் பட்டியல் மட்டும் இருந்தால் அதை நம்பி இறங்காதீர்கள். உயர்கல்விக்குச் சேர்க்கைக் கடிதமோ, சேர்ந்த கல்லூரியின் அடையாள அட்டையோ, கட்டண ரசீதோ வேண்டும். விண்ணப்பித்ததற்கான சான்று போதாது. நம் உதாரணத்தில் 12 பேருக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று வையுங்கள். அப்போது போட வேண்டிய எண் 102. சதவீதம் 56.67.

75-இலிருந்து 56-க்கு இறங்குவதைப் பார்த்து முதல்வருக்கு மனம் ஒப்பாது. 'அந்த 12 பேரும் உண்மையிலேயே வேலையில்தானே இருக்கிறார்கள்' என்பார். உண்மைதான். அந்த மாணவர்களைத் தொடர்புகொண்டு கடிதம் வாங்க இன்னும் நேரம் இருந்தால் கண்டிப்பாக வாங்குங்கள். நேரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மாதிரிக்குச் சில வரிகளின் ஆதாரத்தைக் கேட்கும்போது அதில் இரண்டு இல்லாமல் போனால், மற்ற நூறு வரிகளின் மீதும் சந்தேகம் விழும்.

கடிதங்களை அடுக்குவதிலும் கவனம் வேண்டும். எக்செல்லில் வரிசை எண் 37 என்றால் பிடிஎஃப்பிலும் அந்தக் கடிதத்தின் தலையில் 37 என்று இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு கோப்பு, முதல் பக்கத்தில் முதல்வர் கையொப்பமிட்ட பட்டியல், பின்னால் அதே வரிசையில் கடிதங்கள். லிங்க்கை வேறொரு கணினியில், லாகின் எதுவும் இல்லாமல் திறந்து பாருங்கள். அனுமதி கேட்கும் டிரைவ் லிங்க்கும், கல்லூரித் தளத்தைப் புதுப்பித்தபோது அறுந்துபோன லிங்க்கும் ஆதாரமே இல்லாததற்குச் சமம். இன்னொன்று, இந்தக் கோப்புகள் பொதுவெளியில் கிடக்கும். ஆதார் எண், கைபேசி எண், வீட்டு முகவரி ஆகியவற்றை மறைத்துவிட்டு ஏற்றுங்கள். நம்மை நம்பித்தான் மாணவர்கள் அந்தக் கடிதங்களைக் கொடுத்தார்கள்.

அந்த 180 எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். இந்த மெட்ரிக் உங்களிடம் இருக்கும், ஆனால் தேர்ச்சி விகிதம் இரண்டாம் கிரைட்டீரியாக்காரரிடம் இருக்கும். அவர் இறுதியாண்டுத் தேர்வு எழுதியவர்கள் 176 என்று போட்டிருப்பார். இரண்டும் பொய்யில்லை. நான்கு பேர் தேர்வுக்கு வராமல் இருந்திருக்கலாம். ஆனால் பார்ப்பவருக்கு அது முரண்பாடாகத் தெரியும். தேர்வு நெறியாளர் அலுவலகத்தின் பட்டியலை மூலமாக வைத்து, வித்தியாசம் இருந்தால் அதற்கு ஒரு வரி விளக்கத்தை இப்போதே எழுதி வையுங்கள். மொத்த மாணவர் எண்ணிக்கை, முழுநேர ஆசிரியர் எண்ணிக்கை போல ஒன்றுக்கு மேற்பட்ட கிரைட்டீரியாக்களில் வரும் எண்கள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி ஏழு கிரைட்டீரியாக்களின் பொறுப்பாளர்களிடமும் கொடுத்துவிடுவது நல்லது. யார் மாற்றினாலும் அந்தத் தாளில்தான் முதலில் மாற்ற வேண்டும்.

மெட்ரிக் கேட்கும் கடந்த ஐந்து ஆண்டுகளையும் ஒரே அளவில் செய்ய வேண்டும் என்பது கொஞ்சம் கஷ்டமான விஷயம். சென்ற ஆண்டுக் கடிதங்கள் எளிதில் கிடைக்கும். நான்கு ஆண்டுக்கு முன் படித்தவரின் கைபேசி எண்ணே மாறியிருக்கும். அதனால் பழைய ஆண்டிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கல்லூரி வகைக்கான கையேட்டின் எந்தப் பதிப்பு பொருந்தும் என்பதையும் முதல் நாளே உறுதி செய்யுங்கள். மெட்ரிக் எண்ணும் கேட்கும் விவரமும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. பழைய பதிப்பு ஒன்றில் வேலையும் உயர்கல்வியும் தனித்தனி மெட்ரிக்குகளாகவே இருந்தன.

எல்லாம் அனுப்பிய பிறகு டிவிவி விளக்கம் கேட்டு வரும். பயப்பட வேண்டாம், அது எல்லாக் கல்லூரிக்கும் வருவது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 'வரிசை எண் 12, 37, 58-க்கான நியமன ஆணை' என்று கேட்டால் அந்த மூன்று கடிதங்களையும் அதே எண் போட்டுத் தனிக் கோப்பாகக் கொடுங்கள். அறுநூறு பக்கக் கோப்பைத் திரும்ப அனுப்பி அவர்களையே தேடச் சொல்லாதீர்கள். அவர்கள் ஒரு எண்ணைக் குறைத்துப் பரிந்துரைத்தால், எந்த வரிகள் விடுபட்டன என்று உங்கள் எக்செல்லோடு ஒப்பிடுங்கள். கடிதம் கையில் இருக்கும் வரிக்கு வாதாடுங்கள். இல்லாத வரிக்கு அவர்கள் சொன்ன எண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள்.