ln கோடு எந்தப் பக்கம் வளைகிறது? வினைவகை வரைபடத் தாள்: கேள்வி பதில்

தேவகோட்டை, பிளஸ் டூ ஆசிரியர்: வேகவியல் பாடத்தை நடத்தி முடித்தாயிற்று. பிள்ளைகள் சமன்பாட்டை ஒப்பிக்கிறார்கள், வரைபடத்தைக் காட்டினால் முழிக்கிறார்கள். ஒரு பக்கத் தாளாக்கினால் எதை வைப்பது, எதை விடுவது?

வருவிப்பு முழுவதையும் விட்டுவிடுங்கள். மேலே ஒரு அட்டவணை, கீழே மூன்று காலிக் கட்டங்கள் போதும். கிடையச்சில் நேரம், நிலையச்சில் [A], ln[A], 1/[A]. முதலாவது நேர்கோடானால் பூஜ்ய வகை, நடுவில் உள்ளது நேரானால் முதல் வகை, கடைசி நேரானால் இரண்டாம் வகை. இதை எல்லோரும் போடுகிறார்கள்.

நான் ln கட்டத்தை முதலில் வரையச் சொல்வேன். நேராக வந்தால் வேலை முடிந்தது. வளைந்தால், எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். போகப் போகக் கோடு படுத்துக்கொண்டால் வகை ஒன்றுக்கு மேல். செங்குத்தாகச் சரிந்தால் ஒன்றுக்குக் கீழ். இரண்டாம் வகையில் செறிவு பாதியானால் வேகம் கால்பங்காகிவிடும், அதனால்தான் கோடு சோர்ந்துபோகிறது.

தாளுக்கு இந்த எண்களை வையுங்கள். நேரம் 0, 10, 20, 30, 40 நிமிடம்; செறிவு 1.00, 0.50, 0.333, 0.25, 0.20. ln எடுத்தால் 0, −0.69, −1.10, −1.39, −1.61. கோடு படுக்கிறது. 1/[A] எடுத்தால் 1, 2, 3, 4, 5. ஸ்கேல் வைத்தாற்போல நேர்கோடு, சாய்வு 0.1. இரண்டாம் வகை.

இதே வினையின் முதல் 4 நிமிடத்தை மட்டும் தாளின் பின்பக்கத்தில் கொடுங்கள்: 1.00, 0.909, 0.833, 0.769, 0.714. கையால் வரைந்தால் மூன்று கட்டமுமே கிட்டத்தட்ட நேராகத்தான் தெரியும். வினை முக்கால்வாசியாவது முடியாமல் வகையைத் தீர்மானிக்காதீர்கள். இதைத் தடித்த எழுத்தில் அச்சடியுங்கள்.

பள்ளத்தூர், கல்லூரி மாணவி: அரைவாழ் காலம் மாறாமல் இருந்தால் முதல் வகை, அவ்வளவுதானே டீச்சர்? மூன்று வரைபடம் எதற்கு?

பாதி சரி. மேலே உள்ள அட்டவணையில் 1.00 பாதியாக 10 நிமிடம், 0.50 பாதியாக 20 நிமிடம். இரட்டிப்பாகிறது, அதனால் இரண்டாம் வகை. ஆனால் இதற்கு அடுத்தடுத்து இரண்டு அரைவாழ் காலமாவது கையில் வேண்டும். பாதியில் நின்ற அளவீட்டில் என்ன செய்வாய்?

காரைக்குடி, பெற்றோர்: சமன்பாட்டில் 2 என்று இருக்கிறதே, அப்போது வகையும் இரண்டுதானே?

இல்லை. 2N₂O₅ → 4NO₂ + O₂ முதல் வகை. 2NO₂ → 2NO + O₂ இரண்டாம் வகை. இரண்டிலும் முன்னால் நிற்பது 2தான்.

கானாடுகாத்தான், பொறியாளர்: இதெல்லாம் பழைய முறை. எக்செலில் R² பார்த்தால் போதும். 0.99க்கு மேல் எது வருகிறதோ அதுதான்.

பின்பக்கத்து 4 நிமிட எண்களுக்கு ln கோட்டைப் போட்டுப் பாருங்கள். R² 0.997 வரும். வினையோ இரண்டாம் வகை.

அதே பொறியாளர்: 1/[A]க்கு 1.000 வருமே! அதிகமாக இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே.

தாளில் நான் செய்துவைத்த எண்களுக்கு வரும். பியூரெட்டில் எடுத்த அளவீட்டில் கடைசி இலக்கம் ஆடும். அப்போது மூன்றாவது தசமத்தை நம்பி வகை சொல்ல முடியாது. கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரு முனைப் புள்ளிகளும் கோட்டுக்கு மேலே, நடுப்புள்ளிகள் எல்லாம் கீழே என்றால் அது வளைவு, R² எவ்வளவு வந்தாலும் சரி. மேலும் கீழுமாகச் சிதறியிருந்தால் வெறும் அளவீட்டுப் பிழை.

தேவகோட்டை ஆசிரியர்: ஐந்து புள்ளியில் சிதறலா வளைவா என்று பிள்ளைகள் எப்படிச் சொல்வார்கள்? பொறியாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஐந்து புள்ளியில் சிரமம்தான். அதற்காக R²ஐத் தாளில் ஏற்ற மாட்டேன். நீங்கள் ஏற்றுவதானால், வளைவைப் பார்த்த பிறகு போடும்படி கடைசி வரியில் வையுங்கள்.

புதுவயல், மாணவர்: சமன்பாட்டில் உள்ள எண்ணை வகையாக எடுத்துக்கொள்ளலாமா?

மேலே படியுங்கள் தம்பி.

குன்றக்குடி, மாணவர்: log வரைந்தேன், k தப்பாக வருகிறது.

சாய்வை 2.303ஆல் பெருக்கினாயா?

காரைக்குடி, ஆய்வக உதவியாளர்: எத்தில் அசிட்டேட்டை அமிலத்தில் நீராற்பகுத்தோம். log(V∞ − Vt) வரைந்தால் கடைசியில் கீழே சரிகிறது. இது பூஜ்ய வகையா?

அவசரப்படாதீர்கள். தண்ணீர் ஏராளம், அமிலம் குறைவதில்லை, அதனால் இது முதல் வகையாகவே வர வேண்டும். எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, V∞ஐ வினை முடியும் முன்பே எடுத்திருக்கலாம். V∞ சற்றுக் குறைந்தாலும் கடைசிக் கழித்தல்கள்தான் அதிகம் அடிபடும், கோடு வாலில் மட்டும் சரியும். இன்னொன்று, நம் ஊர் வெயில். காலையில் தொடங்கி மதியம் வரை இழுத்தால் கரைசல் சூடேறி k தானாகக் கூடும். அப்போது நடுவிலிருந்தே சரியத் தொடங்கும். மீதிக் கரைசலை மூடி வைத்து மறுநாள் மறுபடி தரம்பார்த்துப் பாருங்கள். V∞ ஏறினால் முதல் சந்தேகம் சரி. ஏறாவிட்டால், அடுத்த முறை ஒவ்வொரு பிப்பெட்டுக்கும் வெப்பநிலையைப் பக்கத்தில் குறித்து அந்த அட்டவணையை அனுப்புங்கள், பார்க்கிறேன்.