திருப்பு விசைக்கு 5 வந்தது ஏன்?

"r = 2i + 3j மீட்டர், F = 4i − j நியூட்டன். திருப்பு விசை 5 N m என்று எழுதினேன், தவறாம். அலகு சரியாகத்தானே வருகிறது?"

அலகை நம்பாதீர்கள் தம்பி. வேலைக்கும் திருப்பு விசைக்கும் ஒரே N m தான், அதனால் அது பிழையைக் காட்டிக்கொடுக்காது. 8 − 3 = 5 என்பது ஸ்கேலர் பெருக்கல். அதற்குத் திசையே இல்லை.

நம்ம காரைக்குடி வீட்டுத் தேக்குக் கதவை நினைத்துப் பாருங்கள். பலகைக்குச் செங்குத்தாகத் தள்ளினால் கதவு திரும்புகிறது, ஆனால் r·F பூஜ்யம். கீலிலிருந்து நேராக வெளியே இழுத்தால் r·F பெரிதாக வரும், கதவோ அசையாது. அப்படியென்றால் அந்தப் பெருக்கல் திரும்புவதை அளக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இங்கே வேண்டியது r × F. அதாவது (2 × −1 − 3 × 4)k = −14k N m. குறி எதிர்மறை என்பதால், மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் பக்கமாகத் திருப்புகிறது. F × r என்று மாற்றிப் போட்டால் +14k வரும்; அதற்கும் மதிப்பெண் போய்விடும்.

விடையில் i, j, k எதுவும் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்புறம், வேலையைக் கேட்கும் கணக்கில் k ஒட்டிக்கொண்டு வந்தாலும் இதே கோளாறுதான், தலைகீழாக.