சீசன் விளம்பரத்துக்கு வடிவமைப்பாளரை அமர்த்தும்போது: திருத்தம், கோப்பு, பணம் – கேள்வி பதில்

கோத்தகிரியில் தேயிலைத்தூள் பொட்டலமிட்டு விற்பவர்: கோடை சீசன் விளம்பரத்துக்காகக் கோவையில் தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளரிடம் 60,000 ரூபாய்க்கு வேலை கொடுத்தோம். மூன்று திருத்தம் என்று பேச்சு. செல்பேசி எண்ணை மாற்றச் சொன்னதையும் ஒரு திருத்தமாக எண்ணிவிட்டு, மூன்றும் முடிந்துவிட்டது என்கிறார். இது நியாயமா, ஐயா?

அந்த எண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்தது அவர் என்றால் நியாயமில்லை. நீங்கள் அனுப்பிய வாசகத்திலேயே அது தவறாக இருந்திருந்தால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. உங்கள் பேச்சில் இந்த இரண்டும் பிரிக்கப்படாததால்தான் இருவரும் தத்தமக்குச் சாதகமாக எண்ணுகிறீர்கள். ஆகவே எத்தனை திருத்தம் என்று பேசுவதற்கு முன், எது திருத்தம் என்பதை எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் எப்போதும் "திருத்தச் சுற்று" என்றே எழுதச் சொல்வேன். வடிவமைப்பாளர் ஒரு வரைவை அனுப்புகிறார். உங்கள் தரப்பில் பொறுப்பேற்ற ஒரே ஒருவர், குறித்த நாளுக்குள், எல்லோருடைய கருத்தையும் திரட்டி ஒரே பட்டியலாகத் திருப்பி அனுப்புகிறார். அந்தப் பட்டியலில் இரண்டு குறிப்பு இருந்தாலும் இருபது இருந்தாலும் அது ஒரு சுற்றுதான். திங்கட்கிழமை நீங்கள் வாட்ஸ்அப்பில் "பச்சை இன்னும் அடர்த்தியாக வேண்டும்" என்று எழுதி, புதன்கிழமை உங்கள் பங்குதாரர் "பச்சை சரிதான், எழுத்தைப் பெரிதாக்குங்கள்" என்று எழுதி, வெள்ளிக்கிழமை வீட்டுப் பிள்ளை குரல்பதிவில் வேறொன்று சொன்னால், வடிவமைப்பாளர் கணக்கில் அது மூன்று சுற்று. அவர் அப்படி எண்ணுவதில் தவறும் இல்லை.

பட்டியலிலும் ஒவ்வொரு குறிப்பும் இடம் சுட்டிப் பேச வேண்டும். "சுவரொட்டி, கீழ்ப்பகுதி: 250 கிராம் விலையை நீக்கவும்" என்பது வேலைக்கு ஆகும் குறிப்பு. "கொஞ்சம் எடுப்பாக இல்லை" என்பது எந்தக் கையையும் நகர்த்தாது. ஆனால் ஒரு சுற்றைத் தின்றுவிடும்.

இதற்கு வெளியே இரண்டு வகை உண்டு. வடிவமைப்பாளர் செய்த பிழையைச் சரிசெய்வது எந்தச் சுற்றிலும் சேராது, அதற்குப் பணமும் இல்லை. நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை மாற்றுவது, அதாவது தேயிலைத் தோட்டப் படத்தை மையமாக வைத்த வடிவத்தை ஏற்றுக்கொண்டபின் "கோப்பையை மையமாக வைப்போம்" என்று சொல்வது, திருத்தமே அல்ல. அது புதிய வேலை. அதற்குத் தனி விலை பேசியபின்தான் தொடங்க வேண்டும்.

மூன்று சுற்றையும் எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். உங்கள் வேலையில் ஒரு சுவரொட்டி, இரண்டு சாலையோரப் பதாகைகள், ஆறு சமூக ஊடகப் படங்கள் என ஒன்பது உருப்படிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஒரே ஒரு முதன்மை வடிவம் உருவாகட்டும். இரண்டு சுற்றை அதற்கே கொடுங்கள். அது உறுதியானபின் மற்றவை அதிலிருந்து பிரியும். அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு சுற்று போதும். நிறத்தை முதன்மை வடிவத்தில் மாற்றினால் ஒரு கோப்பு. பிரித்தபின் மாற்றினால் ஒன்பது கோப்பு. தமிழ் வாசகம், விலை, எண், முகவரி ஆகியவற்றை வடிவமைப்பு தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி, மெய்ப்புப் பார்த்து, "இதுவே இறுதி" என்று மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால், உங்களுக்கு வந்த சண்டை எழுந்தே இருக்காது.

குன்னூரில் தங்கும் விடுதி நடத்துபவர்: வேலை முழுவதும் கைக்கு வந்தபின் பணம் கொடுத்தால்தானே நமக்குப் பிடி இருக்கும்? முன்பணம் வாங்கிக்கொண்டு இழுத்தடிக்கிறார்களே!

முழுப் பிடியும் உங்களிடம் இருந்தால், அதிகப் பணம் தரும் வேறொருவரின் வேலை வந்ததும் உங்கள் வேலை பின்னுக்குப் போய்விடும். கோடை விழா மே மாதத்தில் என்றால், பதாகை ஏப்ரல் கடைசியில் தொங்கியாக வேண்டும்; அந்த நேரத்தில் உங்களுக்குத் தேவை வேலை, வழக்கு அல்ல. இழுத்தடிப்பதற்கு மாற்று, தவணைகளைத் தேதியோடு மட்டும் கட்டாமல் கைக்கு வரும் பொருளோடு கட்டுவதுதான்.

மேலே சொன்ன 60,000 ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானதும் 24,000. முதன்மை வடிவத்தை நீங்கள் எழுத்தில் ஏற்றுக்கொண்டதும் 18,000. ஒன்பது உருப்படிகளின் இறுதி வரைவையும் குறைந்த தெளிவில் பார்த்து ஒப்புதல் தந்ததும் மீதி 18,000. அந்தக் கடைசித் தொகை வந்தபின் அச்சுக் கோப்பும் மூலக் கோப்பும் உங்களிடம் வரும். இப்படிச் செய்தால் இடையில் முறிந்தாலும் முழுத்தொகையையும் இழக்க நேராது. நடுவில் நீங்களே வேலையை நிறுத்தினால், முடிந்த கட்டத்துக்கு முழுத்தொகையும், தொடங்கிய கட்டத்துக்குப் பாதித் தொகையும் என்று எழுதிவிடுங்கள். பாதி என்பது என் கருத்து. பேசி முடிவு செய்யலாம்.

வருமான வரிப் பிடித்தத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிடித்தம் செய்யக் கடமைப்பட்டவராக நீங்கள் இருந்து, தொழில்முறைக் கட்டணமாக அதைக் கருதினால், ஆண்டுத் தொகை 50,000 ரூபாயைத் தாண்டக்கூடும் என்றால் முதல் தவணையிலிருந்தே 10 விழுக்காடு பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன் அந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. 24,000 எதிர்பார்த்தவருக்கு 21,600 போய்ச் சேர்ந்தால் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். சில தணிக்கையாளர்கள் வடிவமைப்பை ஒப்பந்தப் பணியாகக் கொண்டு குறைந்த விகிதத்தில் பிடிக்கிறார்கள். இதில் ஒருமித்த நடைமுறை இல்லை. உங்கள் தணிக்கையாளர் சொல்வதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஊட்டியில் வர்க்கி செய்து விற்பவர்: காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை என்று பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பிறகு எதற்குத் தனியாக எழுத வேண்டும்?

பாதி சரி, அம்மா. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் நீங்கள் சொல்லும் விதிவிலக்கு இருக்கிறது. நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், தீட்டச் சொன்ன ஓவியத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமையாளர் நீங்கள்தான். மாதச் சம்பளத்துக்கு உங்களிடம் வேலை பார்ப்பவர் அந்த வேலையின் பகுதியாக வரைந்ததும் உங்களுடையது. ஆனால் சின்னம், பொட்டல உறை, சுவரொட்டி அமைப்பு ஆகியவற்றைத் தனியாகத் தொழில் செய்பவர் உருவாக்கினால், உரிமை அவரிடமே தொடங்குகிறது. கணினியில் வரைந்த சித்திரம் "ஓவியம்" என்ற சொல்லுக்குள் வருமா என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்தை நம்பிப் பொட்டலம் அச்சிட நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

உரிமை உங்களுக்கு மாற, அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எந்தப் படைப்பு, எந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்று அதில் இருக்க வேண்டும். காலத்தைக் குறிக்காமல் விட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பைக் குறிக்காமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெறுமனே "எல்லா உரிமையும் வாங்குபவருக்கே" என்று எழுதிய தாள் ஆறாம் ஆண்டில் கைவிட்டுவிடக்கூடும். உங்கள் வர்க்கி துபாய்க்குப் போனால் முதல் நாளே கைவிடக்கூடும். மாற்றிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்ற விதியும் உண்டு. அது பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வடிவமைப்பாளர்களின் பக்கமிருந்து ஒன்று சொல்ல வேண்டும். உரிமை மாற்றம் முழுத்தொகையும் செலுத்தியபின் நடைமுறைக்கு வரும் என்று அவர் கேட்டால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் ஏற்காத மற்ற மாதிரிகள் அவருடையவையாகவே இருக்கட்டும். மே மாதத்தோடு முடியும் பதாகைக்கு முழு உரிமையும் வாங்கத் தேவையில்லை; அந்தச் சீசனுக்கான பயன்பாட்டு உரிமம் போதும், விலையும் குறையும். சின்னத்துக்கும் பொட்டலத்துக்கும் மட்டும் முழு உரிமை வாங்குங்கள்.

கூடலூரில் மிளகு, ஏலக்காய் வியாபாரி: எங்களுக்கு அச்சகத்திலேயே இலவசமாக வடிவமைத்துக் கொடுத்தார்கள். கெஞ்சிக் கேட்டு கோப்பை வாங்கினேன். வேறு அச்சகத்தில் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தாகச் சிதறி வருகிறது. இதற்கு என்ன செய்வது?

இங்கே பேசிக்கொண்டிருப்பது தனி வடிவமைப்பாளரோடு செய்யும் ஒப்பந்தம் பற்றி. ஆனாலும் உங்கள் அனுபவம் எல்லோருக்கும் உதவும். உங்கள் கோப்பு கோரல்டிரா மென்பொருளில் செய்த .cdr ஆக இருந்திருக்கும். எழுத்து பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் இருந்திருக்கும். அதே எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே தெரியும். அந்த எழுத்துருவைக் கணினியில் போட்டவுடன் சரியாகிவிடும்.

ஆகவே "மூலக் கோப்பு தர வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது. எழுத்தைத் திருத்தக்கூடிய ஒரு பிரதி, எழுத்தை வளைகோடாக மாற்றி எந்த அச்சகத்திலும் அப்படியே வரும் இன்னொரு பிரதி, அச்சுக்கான பிடிஎஃப், பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயர்ப் பட்டியல் ஆகிய நான்கையும் கேளுங்கள். வளைகோட்டுப் பிரதி மட்டும் இருந்தால் அடுத்த ஆண்டு விலையை மாற்றக்கூட முடியாது. விலைக்கு வாங்கும் எழுத்துருவும் இணையப் படங்களும் வடிவமைப்பாளருக்குச் சொந்தமல்ல. அவர் கொடுக்க முடியாத உரிமையை நீங்கள் வாங்கவும் முடியாது. அவற்றின் உரிமத்தை உங்கள் பெயரில், உங்கள் செலவில் எடுக்கச் சொல்லுங்கள். அச்சகத்தில் "இலவசம்" என்றபோது விலை அச்சுக் கட்டணத்தில் சேர்ந்திருக்கும். கோப்பு தருவார்களா என்பதை வேலை கொடுக்கும் அன்றே கேட்டிருக்க வேண்டும். இனி அவர்களோடு பேசித்தான் பார்க்க வேண்டும்.

குன்னூரில் இருந்து ஒரு வடிவமைப்பாளர்: நான் எதிர்ப்பக்கத்தில் இருப்பவள். வரைவை அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது, பதிலே இல்லை. சீசன் முடிந்தபின் "இனித் தேவையில்லை" என்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

வரைவு சென்று ஏழு வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும், அந்தத் தவணையும் உரியதாகிவிடும் என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், இன்றே விலைப்பட்டியல் அனுப்பலாம். இல்லாவிட்டால், "இந்தத் தேதிக்குள் கருத்து வராவிட்டால் இந்தக் கட்டம் முடிந்ததாகக் கொள்கிறேன்" என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். அது ஒப்பந்த வரிக்கு ஈடாகாது. ஆனால் நீங்கள் காத்திருந்ததற்குச் சான்றாகும்.

உத்யம் பதிவு இருக்கிறதா, சகோதரி? இருந்தால், 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் உங்களுக்குத் துணை. வேலையை ஏற்றுக்கொண்டபின், எந்த ஒப்பந்தம் என்ன சொன்னாலும், 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். ஆனால் அந்த நாட்கணக்கு ஏற்பிலிருந்துதான் ஓடும்; வேலையை ஒப்படைத்துப் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். அவர்கள் ஏற்கவே இல்லை என்று வாதிட்டால் என்ன முடிவு வரும் என்பது உங்களிடம் உள்ள கடிதங்களைப் பொறுத்தது. கையெழுத்திட்ட ஒப்பந்தம், முன்பண ரசீது, வரைவு அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றின் படியை இங்கே பெயர்களை மறைத்துப் போட்டீர்களானால் பார்த்துச் சொல்கிறேன்.