பயிற்சிக் காணொளியா, செய்திக் காணொளியா: வாழ்நாள் மதிப்பைக் கணக்கிடுவது பற்றிய கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் யூடியூபில் வெளியிட்ட ஒரு பயிற்சிக் காணொளிக்கும் ஒரு செய்திக் காணொளிக்கும் ஆறு மாதத் தரவு இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் எது எவ்வளவு பார்வைகளைத் தரும் என்று எப்படி மதிப்பிடுவது?

பதில்: முதல் மாதத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அந்தப் பார்வைகள் பெரும்பாலும் சந்தாதாரர்களுக்கும் முகப்புப் பக்கத்திலும் காணொளி காட்டப்பட்டதால் வந்தவை. மொத்தத்தில் அவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். வால், அதாவது முதல் அலை ஓய்ந்த பின் மாதந்தோறும் தொடர்ந்து வரும் பார்வை, எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதை அவற்றைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது. சரிவை அறிய, மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையே, அதாவது வயது இரட்டிக்கும்போது, மாதப் பார்வை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். கீழே V3, V6 என்பவை அந்த இரு மாதங்களின் பார்வைகள்; b என்பது சரிவின் அளவு, அது பெரிதாக இருந்தால் சரிவு வேகம்.

```
b = log2(V3 / V6)
```

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பயிற்சிக் காணொளி மூன்றாம் மாதத்தில் 3,000, ஆறாம் மாதத்தில் 2,100 பார்வைகள் பெற்றால் b ஏறக்குறைய 0.51. செய்திக் காணொளி அதே மாதங்களில் 1,000, 250 என்று இறங்கினால் b சரியாக 2. இனி வயது இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் முன்னது பத்தில் ஏழு பங்காகவும், பின்னது கால் பங்காகவும் குறையும் என்று கொண்டு 36ஆம் மாதம் வரை கூட்டுங்கள். பயிற்சிக் காணொளி ஆறு மாதங்களில் 23,000 பார்வைகள் பெற்றிருந்தால், இன்னும் சுமார் 35,000 வரும், மொத்தம் 58,000. செய்திக் காணொளி அதே காலத்தில் 91,000 பெற்றிருந்தாலும், எஞ்சிய முப்பது மாதங்களில் சுமார் 1,100 மட்டுமே சேரும்; மொத்தம் 92,000.

கேள்வி: அப்படியானால் வால் நீளமாக இருக்கும் பயிற்சிக் காணொளிதானே எப்போதும் லாபம்?

பதில்: மேலே உள்ள கணக்கில் பார்வை எண்ணிக்கையில் செய்திக் காணொளிதான் முந்துகிறது. வால் நீளம் என்பதால் மட்டுமே மதிப்பு கூடிவிடாது. யூடியூப் ஸ்டுடியோவில் RPM என்ற பெயரில் காட்டப்படும், ஆயிரம் பார்வைக்கான வருமானத்தால் பெருக்கி, உழைத்த நேரத்தால் வகுத்த பிறகுதான் இரண்டையும் ஒப்பிட முடியும். பயிற்சிக் காணொளிக்கு ஆயிரம் பார்வைக்கு 3 அலகு, செய்திக்கு 1 அலகு என்று வைத்துக்கொண்டால், முன்னதன் மதிப்பு 174, பின்னதன் மதிப்பு 92. முன்னதற்கு 10 மணி நேரமும் பின்னதற்கு 6 மணி நேரமும் செலவாகியிருந்தால், மணிக்கு 17.4 அலகு, 15.3 அலகு. வேறுபாடு மிகச் சிறியது. பயிற்சிக் காணொளிக்கு 12 மணி நேரம் ஆகியிருந்தால் செய்தியே வென்றிருக்கும்.

கேள்வி: என் காணொளிக்கு முதல் வாரத்தில் 4,000 பார்வைகள் வந்தன. ஆண்டு இறுதியில் எவ்வளவு ஆகும்?

பதில்: முதல் வாரத்தை வைத்து ஆண்டைச் சொல்ல இயலாது. ஆறாம் மாதம் முடிந்த பின் பாருங்கள்.

கேள்வி: b ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் கூட்டுத்தொகைக்கு முடிவே கிடையாது. அப்படியென்றால் உங்கள் பயிற்சிக் காணொளியின் வாழ்நாள் மதிப்பு முடிவிலி. இது அபத்தமாகத் தெரியவில்லையா? சரிவு அடுக்குக்குறி வடிவில் இருக்கிறது, அதாவது ஒவ்வொரு காலாண்டிலும் ஒரே விகிதத்தில் குறைகிறது என்று ஏன் கொள்ளக்கூடாது?

பதில்: முதல் பாதியில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, 36 மாதம் என்று ஓர் எல்லை வைத்ததற்கு அதுவே காரணம். தலைப்பு எவ்வளவு காலம் பயன்படும் என்பதைப் பொறுத்து அந்த எல்லையை நீங்கள்தான் நிர்ணயிக்க வேண்டும். வளைவு அதைச் சொல்லாது. இரண்டாம் பாதி இந்த விவாதத்தின் உயிர்நாடி. அதே 3,000, 2,100 எண்களை அடுக்குக்குறிச் சரிவாகக் கொண்டால், ஏழாம் மாதம் முதல் 36ஆம் மாதம் வரை வருவது 35,000 அல்ல, சுமார் 16,000. மொத்தம் 39,000, மணிக்கு 11.7 அலகு; செய்திக் காணொளி வென்றுவிடுகிறது. ஆறு மாதத் தரவு இரண்டு வளைவுகளுக்கும் ஒரே அளவு பொருந்துகிறது, முடிவோ தலைகீழாகிறது.

அதே கேள்வியாளர்: 2008இல் கிரேன், சோர்னெட் என்ற இரு ஆய்வாளர்கள் யூடியூப் பார்வைகளை ஆராய்ந்து, உச்சத்துக்குப் பின் வரும் தணிவு நீங்கள் முதலில் சொன்ன வடிவில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள் என்பது எனக்கும் தெரியும். என் சேனலில் அப்படி இல்லை.

பதில்: அவர்கள் பார்த்தது ஓர் உச்சத்தை எட்டிய பின் கவனம் தணியும் விதத்தை. வெளியிலிருந்து வந்த அதிர்ச்சி பரவாமல் அடங்கும்போது அடுக்கு, அதாவது நம் கணக்கின் b, 1.4 அளவிலும், பார்த்தவர்கள் பிறருக்குப் பகிர்ந்து பரவும்போது 0.6 அளவிலும் இருக்கும் என்பது அவர்களின் விளக்கம். செய்திக் காணொளிக்கு அது நேரடியாகப் பொருந்தும். தேடலால் உயிர்வாழும் பயிற்சிக் காணொளிக்கு அந்த ஆய்வைச் சான்றாகக் காட்ட நான் தயங்குவேன். அதன் வாலைத் தீர்மானிப்பது கவனம் தணிவதல்ல, தேடுவோரின் எண்ணிக்கையும் போட்டிக் காணொளிகளும்தான். ஒன்பதாம் மாதத்தில் 1,700 அளவில் வந்தால் முதல் வளைவு. 1,470 அளவில் வந்தால் உங்களுடையது.

அதே கேள்வியாளர்: 1,590 வந்தால்?

பதில்: முடிவு சொல்ல முடியாது. 16,000த்தைக் கீழ் எல்லையாகவும் 35,000த்தை மேல் எல்லையாகவும் வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் மாதம் வரை காத்திருங்கள். அப்போது ஒன்று 1,470 என்றும் மற்றொன்று 1,030 என்றும் சொல்லும். அந்த இடைவெளி ஒரு மாதத்தின் இயல்பான ஏற்ற இறக்கத்தில் எளிதில் மறையாது.

கேள்வி: என் மென்பொருள் பயிற்சிக் காணொளி ஓர் ஆண்டு சீராக ஓடி, ஒரே மாதத்தில் பாதியாகிவிட்டது. இதுவும் வாலின் சரிவுதானா?

பதில்: இல்லை, இது முறிவு. எந்தச் சரிவு விகிதமும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. பார்வைகள் வந்த வழிகளில் YouTube search என்ற பகுதியை மட்டும் திறந்து, காணொளி எத்தனை முறை காட்டப்பட்டது, வந்தவர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற இரண்டையும் முறிவுக்கு முந்தைய, பிந்தைய மாதங்களில் ஒப்பிடுங்கள். பார்க்கும் நேரம் சுருங்கிய பின் காட்டப்படும் எண்ணிக்கை இறங்கியிருந்தால், மென்பொருளின் முகப்பு மாறி உங்கள் படிகள் பழையதாகிவிட்டன என்று ஐயப்படலாம். புதிதாகப் பதிவு செய்தால் வால் மீளக்கூடும். பார்க்கும் நேரம் அப்படியே இருந்து காட்டப்படும் எண்ணிக்கை மட்டும் விழுந்திருந்தால், தேடல் குறைந்திருக்கலாம் அல்லது வேறொரு காணொளி இடத்தைப் பிடித்திருக்கலாம். சென்ற ஆண்டின் அதே மாதத்தையும் பாருங்கள். பருவத்தோடு ஏறி இறங்கும் தலைப்பை முறிவு என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு.

கேள்வி: முதல் நாளில் 900 பார்வைகள். மூன்று ஆண்டுகளுக்கு எவ்வளவு என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. மேலே இதே கேள்விக்குப் பதில் இருக்கிறது. தயவுசெய்து முதல் மாதத்தைக் கணக்கின் அடித்தளமாக்காதீர்கள்.

கேள்வி: முகப்புப் படத்தை மாற்றினால் வால் நீளுமா?

பதில்: அது என் துறை அன்று; வடிவமைப்பு அறிந்தவரிடம் கேளுங்கள். மாற்றிய தேதியை மட்டும் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான எண்களை ஒரே வளைவில் கலந்துவிடுவீர்கள்.

கேள்வி: என்னுடைய மிகச் சிறந்த பயிற்சிக் காணொளிக்கு b 0.3 வந்தது. அடுத்து எடுக்கப்போகும் காணொளிகளுக்கும் இதையே பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அந்தக் காணொளி நன்றாக ஓடியதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள். தேடலில் இடம் பிடிக்காமல் இரண்டாம் மாதத்திலேயே அடங்கிய பயிற்சிக் காணொளிகள் இந்தக் கணக்கில் இல்லை. ஒரே காலகட்டத்தில் வெளியான பயிற்சிக் காணொளிகள் அனைத்தையும், ஓடாதவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றின் வயது மாதப்படி வரிசைப்படுத்திக் கூட்டுங்கள். அந்தக் கூட்டு வளைவின் மூன்றாம், ஆறாம் மாத எண்களிலிருந்து வரும் சரிவையும், ஒரு காணொளிக்குச் சராசரியாக விழும் பார்வையையும்தான் அடுத்த காணொளிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். செய்திக் காணொளிகளுக்கும் இதே முறைதான். அவற்றில் முதல் மாதப் பார்வை ஒன்றுக்கொன்று மிகவும் மாறுபடும் என்பதால், சராசரியோடு, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணையும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், ஓரிரு பெரிய செய்திகள்தான் அந்தச் சராசரியை உயர்த்தி நிறுத்தியிருக்கின்றன.